நிறுத்தம் 14: மெதூஸ் கப்பலின் மிதவை

ஒலிப்பதிவுப் பிரதி, மூன்றாம் திருத்தம். கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு.

இடம்: பாரிஸ், லூவர் அருங்காட்சியகம், டெனான் பிரிவு, முதல் தளம், 700ஆம் அறை. ஓவியர் தெயோதோர் ஜெரிக்கோ, 1818–1819. பிரெஞ்சு மூலம் 430 சொல், ஓடும் நேரம் 2 நிமிடம் 50 நொடி. தமிழில் சொற்கள் குறைந்தாலும் நேரம் குறையாது, ஏனென்றால் நம் சொற்கள் நீளம். இடைவெளிகளையும் சேர்த்து 3 நிமிடம் 30 நொடிக்குள் முடிய வேண்டும்.

குரல் கொடுப்பவருக்கு

கேட்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து குழுவாகச் செல்பவர்கள், பாதிப்பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பாரிஸில் குடியிருக்கும் ஈழத்து உறவினர்களும் அருங்காட்சியகத்தின் இதே ஒலிவழிகாட்டிக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே சென்னைப் பேச்சும் வேண்டாம், மேடைத் தமிழும் வேண்டாம். வானொலியில் ஒருவர் நிதானமாக விவரம் சொல்வாரே, அந்த நடை. பிரதியில் "பாருங்கள்" என்று இருக்கும் இடத்தில் கடைசி "ள்" லேசாக விழட்டும், ஆனால் "பாருங்க" ஆகிவிடக் கூடாது.

ஒற்றைக் கோடு அரை நொடி. இரட்டைக் கோடு இரண்டு நொடி. இரட்டைக் கோடு மூச்சு வாங்குவதற்காகப் போட்டதல்ல, கேட்பவரின் கண் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்காக. எடிட்டிங்கில் "இங்கே காலியாக இருக்கிறது" என்று இதை இழுத்து ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாகப் போய், அதற்குப் பிறகு சொல்வது எதுவும் ஏறாது.

எண்களை எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். 1816 என்று இலக்கத்தில் இருந்தால் நாக்கு தானாக ஆங்கிலத்துக்குப் போகும், அல்லது "பதினெட்டுப் பதினாறு" என்று உடையும்.

பகுதி 1 (0:00)

இந்த ஓவியத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். / அகலம் ஏழு மீட்டர், / உயரம் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். / பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி வந்து நில்லுங்கள். // இப்போது படம் முழுவதும் தெரியும். / கடல். / கடல் நடுவே ஒரு மிதவை. / அதன்மேல் உயிரோடு இருப்பவர்களும், இறந்து கிடப்பவர்களும். //

*குறிப்பு.* மூலத்தில் முதல் வாக்கியமே "1791ல் ரூவானில் பிறந்து 1824ல் பாரிஸில் இறந்த ஜெரிக்கோ" என்று வாழ்க்கைக் குறிப்போடு தொடங்குகிறது. பிரெஞ்சில் பெயர் முன்னால் வந்துவிடும், விவரம் பின்னால் தொங்கும். தமிழில் அதே விவரம் பெயரெச்சமாகப் பெயருக்கு முன்னால் ஏறி உட்காரும். யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே இரண்டு ஆண்டுகளையும் இரண்டு ஊர்களையும் காது சுமக்க வேண்டியிருக்கும். வாசிப்பவர் திரும்பிப் பார்க்கலாம், கேட்பவருக்கு அந்த வழி கிடையாது. அதனால் ஓவியரைக் கடைசிப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறோம்.

அளவு மூலத்தில் 4.91 × 7.16 மீட்டர். தசமப் புள்ளியோடு கேட்டால் யாருக்கும் ஓர் உருவம் வராது. நேரே சுவரைப் பார்த்து நிற்பவருக்கு "ஏழு, ஐந்து" போதும்.

பகுதி 2 (0:28)

மெதூஸ் என்பது ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலின் பெயர். / ஆண்டு, ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. / நெப்போலியன் தோற்று, போர் ஓய்ந்திருந்த காலம். / ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில இடங்கள் பிரான்சுக்குத் திரும்பின. / நம் புதுச்சேரி அதில் ஒன்று. / ஆப்பிரிக்காவின் செனெகல் இன்னொன்று. / அந்தச் செனெகலைப் பெற்றுக்கொள்ளத்தான் மெதூஸ் புறப்பட்டது. / ஏறத்தாழ நானூறு பேர் கப்பலில் இருந்தார்கள். / கப்பல் தலைவரோ, இருபது ஆண்டுகளாகக் கடலுக்கே போகாதவர். / ஜூலை இரண்டாம் தேதி, / மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், / கப்பல் மணல்திட்டில் தரைதட்டியது. //

இருந்த படகுகள் போதவில்லை. / மரங்களையும் பலகைகளையும் கயிற்றால் பிணைத்து ஒரு மிதவை செய்தார்கள். / அதில் நூற்று நாற்பத்தேழு பேரை ஏற்றினார்கள். / படகுகள் அதை இழுத்துப் போவதாக ஏற்பாடு. / கொஞ்ச தூரம் போனதும், படகில் இருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். // பதின்மூன்று நாள். / பசி தாங்காமல், இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள். / உயிரோடு மீட்கப்பட்டவர்கள், பதினைந்து பேர். //

*குறிப்பு.* "மிதவை" என்ற சொல்லுக்கு வர இரண்டு திருத்தம் ஆனது. முதலில் "தெப்பம்" என்று போட்டோம். அகராதிப்படி சரி. ஆனால் மயிலாப்பூரில் வளர்ந்தவர் காதில் "தெப்பம்" விழுந்தால், விளக்கு அலங்காரத்தோடு குளத்தைச் சுற்றிவரும் சாமிதான் தெரியும். "கட்டுமரம்" அதைவிடத் தவறு. கட்டுமரம் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் மீனோடு திரும்பும் கலம், அதை ஓட்டத் தெரிந்தவர் உண்டு. ஜெரிக்கோ வரைந்தது சுக்கான் இல்லாமல் காற்று போன போக்கில் போன மரக்குவியல். "மிதவை"க்கு இந்தச் சுமை எதுவும் இல்லை, ஈழத்தவருக்கும் புரியும்.

புதுச்சேரி மூலத்தில் கிடையாது. மூலத்தில் 1814 பாரிஸ் உடன்படிக்கை ஒரு சொல்லாக வந்து போகிறது, பிரெஞ்சுக்காரருக்கு அது போதும். அதே உடன்படிக்கையில்தான் புதுச்சேரியும் திரும்பியது. உடன்படிக்கையின் பெயரைவிட இது நம்மவருக்குச் சட்டென்று பிடிபடும்.

"கயிறு அவிழ்க்கப்பட்டது" என்று எழுதியிருந்ததை "கயிற்றை விட்டுவிட்டார்கள்" என்று மாற்றியாயிற்று. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்துபோகிறார். பாரிஸில் அன்று எழுந்த கோபமே செய்தவர் யார் என்பதைப் பற்றியதுதான்.

உடலைத் தின்ற வரியில் குரலைத் தாழ்த்தாதீர்கள், திகில் கூட்டாதீர்கள். குழுவில் பிள்ளைகளும் இருப்பார்கள். கயிறு, நாள், எண் எல்லாம் எந்தக் குரலில் வருகிறதோ அதே குரல்.

பகுதி 3 (1:40)

படத்தின் இடப்பக்கம், கீழே பாருங்கள். // ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். / அவர் மடிமேல் ஓர் இளைஞனின் உடல். / பின்னால் மற்றவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். / அவர் திரும்பவே இல்லை. // அங்கிருந்து வலப்பக்கமாக, மெல்ல மேலே வாருங்கள். // கிடப்பவர், / முழங்காலில் எழுபவர், / கை நீட்டுபவர். / மனிதர்களே ஒருவர்மேல் ஒருவராக எழுந்த கோபுரம். / அதன் உச்சியில், நமக்கு முதுகைக் காட்டி, ஒருவர் துணி வீசுகிறார். // அவர் கறுப்பினத்தவர். / ஹைத்தியைச் சேர்ந்த ஜோசப், அதற்காக ஓவியர் முன் நின்றார். / பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிய, இன்னும் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. //

அவர் துணி வீசும் திசையில், அடிவானத்தைப் பாருங்கள். // ஒரு புள்ளி தெரிகிறதா? // அதுதான் அர்குஸ். / அவர்களை மீட்கப் போகும் கப்பல். / இந்த நொடியில், அதன் கண்ணில் இவர்கள் இன்னும் படவில்லை. // இப்போது இடப்பக்கம், காற்றில் புடைத்த பாயைப் பாருங்கள். / காற்று மிதவையை வேறு பக்கம் தள்ளுகிறது. //

*குறிப்பு.* இந்தப் பகுதியில் ஒவ்வொரு வாக்கியமும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் பொருளைச் சொல்கிறது. மூலத்தின் வரிசை தலைகீழ்: "மிகச் சிறிய ஒரு கப்பல், அரிதாகவே தெரிவது, அடிவானத்தில், வலப்பக்கம்". அதை அப்படியே பின்பற்றினால் கேட்பவர் கப்பலைப் படம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார், இடம் சொல்லும்போது கவனம் போயிருக்கும்.

"தெரிகிறதா?" என்ற கேள்விக்குப் பிறகு மட்டும் இரண்டு நொடியை மூன்றாக்குங்கள். விளக்கொளி வண்ணத்தின்மேல் பளபளக்கும், வயதானவர்கள் ஓரடி நகர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மூலத்தில் "பிரமிடு அமைப்பு" இரண்டு முறை வருகிறது, கூடவே "மூலைவிட்டம்". பள்ளிக்கூட வடிவியல் வாடை அடிக்கும் சொற்கள். "கோபுரம்" என்றால் கண் தானாகக் கீழிருந்து உச்சிக்கு ஏறும்.

ஒரு வரியை முழுதாக எடுத்துவிட்டோம். மிதவையின் வலது ஓரத்தில் ரத்தம் படிந்த கோடரி ஒன்று இருக்கிறது. முதல் வரைவில் "ரத்தக் கறை" என்று எழுதி, சத்தமாக வாசித்தபோது "ரத்தக் கரை" என்று கேட்டது. ரகர றகர வித்தியாசம் இன்றைய பேச்சில் பெரும்பாலோருக்கு இல்லை, கடலைப் பற்றிய பிரதியில் "கரை" கேட்டால் மனம் கடற்கரைக்குத்தான் போகும். சொல்லை மாற்றலாம்தான். ஆனால் பதினைந்து அடி தள்ளி நிற்பவருக்கு அந்த இருட்டு மூலையில் கோடரியே தெரியாது. காட்ட முடியாததைக் கேட்கச் சொல்வதில் பயன் இல்லை.

பகுதி 4 (2:50)

இதைத் தீட்டத் தொடங்கியபோது, ஜெரிக்கோவுக்கு வயது இருபத்தேழு. / உயிர் தப்பியவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். / மிதவையின் சிறு மாதிரி ஒன்றைச் செய்ய வைத்தார். / பிணங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். / ஐந்து ஆண்டுகள் கழித்து, முப்பத்திரண்டு வயதில், அவர் இறந்தார். / அதே ஆண்டில் லூவர் இந்த ஓவியத்தை வாங்கியது. // அவர் வண்ணத்தில் தார் கலந்திருந்தது. / தார் நாளாக நாளாகக் கறுக்கும். / இன்று நீங்கள் பார்ப்பது, அவர் தீட்டியதைவிட இருண்ட கடல். // அடுத்த ஓவியத்துக்கு, பதினைந்தை அழுத்துங்கள்.

*உச்சரிப்பு.* நம் எழுத்து காட்டாதவை: அர்குஸில் "கு", "தங்கு" என்பதில் வரும் ஒலி, "பாக்கு"வில் வருவது அல்ல. மெதூஸில் "தூ", "பந்து"வில் உள்ள மெல்லிய ஒலி, கடைசி "ஸ்" அதிர்வோடு. ஜெரிக்கோவில் அழுத்தம் கடைசி "கோ"வில். ஜோசப், நாம் சொல்கிறபடியே. பிரெஞ்சு வாயோடு சொல்ல முயன்றால் தமிழ் வாக்கியத்தின் ஓட்டம் அங்கே தடுக்கும்.

*கூடத்துக்கு.* WAV, 48 kHz, 24 பிட், மோனோ. நான்கு பகுதிகளும் தனித்தனிக் கோப்பு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நொடி மௌனம். பேச்சு தொடங்குமுன் அறையின் வெறும் ஒலியை 30 நொடி எடுத்து வையுங்கள், இரட்டைக் கோட்டு இடைவெளிகளை அதைக் கொண்டே நிரப்ப வேண்டும். முழு மௌனம் வைத்தால் கருவி நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி எண்ணை அழுத்துவார்கள். பின்னணி இசையும் அலையோசையும் வேண்டாம், அந்த அறையில் கூட்டத்தின் இரைச்சல் ஏற்கெனவே இருக்கும்.

பதிவு முடிந்ததும் பிரதியைப் பார்க்காத இரண்டு பேரிடம், ஓவியத்தின் அச்சுப்படத்தைச் சுவரில் ஒட்டி, ஒரு காதில் மட்டும் ஒலிக்கருவியோடு போட்டுக் காட்டுகிறோம். விரலால் தொட்டுக்கொண்டே வரச் சொல்வோம். முதியவர், துணி வீசுபவர், அர்குஸ், பாய். நான்கில் எதற்காவது விரல் தாமதமாகப் போனால் அந்த வரியை மட்டும் மறுபதிவு செய்ய வியாழன் காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.