நம் கட்டுரைக்கு ஆய்வுச்சுருக்கம்: வரைவும் சில சந்தேகங்களும்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

சுருக்கம் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். இரண்டு நாளாகக் கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். உடல் இருக்கிறது, மூன்று அட்டவணைகள் இருக்கின்றன, ஆனால் எதைத் தேடினோம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. முன்னுரை எட்டுத்தொகையின் பெருமையைச் சொல்லிவிட்டு நேராக எண்ணிக்கைக்குப் போகிறது. முடிவுரையில் 'இவ்வாறு காணலாம்' என்று வருகிறது. எந்தக் கேள்விக்கு அது விடை என்பது இல்லை. நானாக ஒரு கேள்வியைக் கற்பித்து ஒட்ட மனம் வரவில்லை. அதனால் அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவை எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று பின்னோக்கிப் பார்த்தேன்.

ஐயா எழுதிய பகுதி திணையைப் பேசுகிறது. அக்கா போட்ட மூன்றாவது அட்டவணை அடியளவைப் பேசுகிறது. முதலில் அது ஒட்டாமல் நிற்பதாகவே நினைத்தேன், எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் புரிந்தது: அடியளவும் திணையும் தொகுத்தவர்கள் கையில் இருந்த இரண்டு அளவுகோல்கள். எந்த நூலில் எது வேலை செய்தது என்று கேட்டால் மூன்று அட்டவணைகளும் ஒரே இழையில் கோத்துக்கொள்கின்றன. கீழே வரைவு:

ஆய்வுச்சுருக்கம்

எட்டுத்தொகையின் அகநூல்களில் பாடல்களைத் தேர்ந்து நிரல்படுத்த அடியளவும் திணையும் எவ்வாறு பயன்பட்டன என்பது இக்கட்டுரையின் கேள்வி. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றின் அடியளவும், ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகியவற்றின் திணைப் பகுப்பும் அட்டவணைப்படுத்தப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31 அடி என, ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குமாறு எல்லைகள் அமைந்துள்ளன. குறுந்தொகையின் 307, 391 ஆம் பாடல்கள் போன்ற விதிவிலக்குகள் சிலவே. திணைப் பகுப்பு மூன்று நூல்களில் மூன்று விதமாக அமைகிறது. ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறு பாடல்கள் என்ற சம அளவு உள்ளது. கலித்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலான 149 பாடல்களுள் பாலை 35, குறிஞ்சி 29, மருதம் 35, முல்லை 17, நெய்தல் 33 என்று அளவு வேறுபடுகிறது. இவ்விரண்டிலும் ஒரு திணையின் பாடல்கள் தொடர்ச்சியாக நிற்கின்றன. அகநானூற்றிலோ ஒற்றைப்படை எண்கள் பாலைக்கும், 2, 8 இல் முடிபவை குறிஞ்சிக்கும், 4 முல்லைக்கும், 6 மருதத்துக்கும், 10 இன் மடங்குகள் நெய்தலுக்கும் உரியவை. இதனால் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தலா 40 ஆகின்றன. அடுத்தடுத்த இரு பாடல்கள் ஒரே திணையாக வருவதில்லை. களிற்றியானை நிரை (120), மணிமிடை பவளம் (180), நித்திலக்கோவை (100) ஆகிய மூன்று பகுதிகளும் பத்தின் மடங்குகளாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் இந்த விகிதம் குலையாமல் நிற்கிறது. ஐங்குறுநூற்றில் ஒவ்வொரு நூறும் ஒரே புலவர் பாடியது. அகநானூறு பல புலவர் பாடல்களின் திரட்டு. ஆகவே அகநானூற்றின் நிரல் புலவர்களுடையது அன்று, தொகுத்தவருடையது என்று கட்டுரை வாதிடுகிறது. பாலையின் மிகுதிக்கான காரணத்தை இத்தரவு கொண்டு முடிவுசெய்ய இயலாது.

திறவுச்சொற்கள்: அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகை, திணை, அடியளவு, தொகுப்பு முறை.

வரைவு இவ்வளவுதான். இனி, ஐயா கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டிய பகுதி.

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே வைத்தேன். உடலின் இறுதியில், பாலை 200 ஆக இருப்பதால் பிரிவே சங்க மக்களின் வாழ்வில் மேலோங்கி இருந்தது என்று ஒரு பத்தி வருகிறது. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலைக்கு என்று அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் ஒதுக்கிவிட்டால் பாதி பாலையாகத்தான் வரும்! அவர் கையில் பாலைப் பாடல்கள் மிகுதியாக இருந்ததால் அப்படி ஒதுக்கினாரா, ஒதுக்கிவிட்டுத் தேடிச் சேர்த்தாரா என்பதை நம் அட்டவணை சொல்லாது. நற்றிணைக்கும் குறுந்தொகைக்கும் திணைவாரி எண்ணிக்கை எடுத்திருந்தால் ஓரளவு பேசலாம், நாம் எடுக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்கலாம், அல்லது ஊகம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். சுருக்கத்தில் மட்டும் அதை ஏற்ற மாட்டேன்.

அதே காரணத்தால்தான் தலைப்பும் இடிக்கிறது. 'எட்டுத்தொகை அகநூல்களில் திணைப் பகுப்பு' என்று வைத்திருக்கிறோம். திணைக்கணக்கு இருப்பது மூன்று நூல்களுக்குத்தான். 'அகத்தொகை நூல்களில் அடியளவும் திணை நிரலும்' என்று மாற்றினால் உள்ளே இருப்பதும் வெளியே சொல்வதும் ஒத்துப்போகும்.

அக்கா, முதல் அட்டவணையில் ஐங்குறுநூற்று நெய்தலுக்கு 98 என்று போட்டிருக்கிறீர்கள், மொத்தம் 498. உடலில் 500 என்று இருக்கிறது. இரண்டும் சரிதான்: 129, 130 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆனால் படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொள்வார். நம் கேள்வி அமைப்பு முறை பற்றியது என்பதால் சுருக்கத்தில் வகுத்த அளவையே, அதாவது நூறையே, கொண்டேன். அட்டவணையில் 'வகுத்தது', 'கிடைத்தது' என்று இரண்டு நெடுவரிசை போட்டுவிடுங்கள். கலித்தொகைக்கும் உடலில் 150, அட்டவணையில் 149; கடவுள் வாழ்த்தைச் சேர்த்தோமா இல்லையா என்று அடியில் ஒரு வரி போதும்.

மணிமிடை பவளம் முதலான மூன்று பகுதிகளிலும் விகிதம் குலையவில்லை என்ற செய்தி உடலில் எங்கும் இல்லை, இரண்டாவது அட்டவணையில்தான் ஒளிந்து கிடக்கிறது: 60, 24, 12, 12, 12, அடுத்தது 90, 36, 18, 18, 18, கடைசியில் 50, 20, 10, 10, 10. எனக்குக் கட்டுரையிலேயே பிடித்த இடம் இதுதான். அட்டவணையைப் போட்ட அக்காவே இதைப் பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உடலில் இல்லாததைச் சுருக்கம் சொல்வதாக ஆகிவிடும். ஓலை உதிர்ந்தாலும் எண்ணை வைத்துத் திணையைக் கண்டுகொள்ள இந்த ஏற்பாடு உதவியிருக்கும் என்று ஐயா வகுப்பில் சொல்வது நினைவுக்கு வந்தது. ஆதாரம் காட்ட முடியாததால் எழுதவில்லை.

கலித்தொகையை ஐந்து புலவர் பாடினர் என்ற மரபையும் தொடவில்லை. அதை இழுத்தால் ஆசிரியர் யார் என்ற பழைய வழக்குக்குள் போய்விடுவோம், வெளியே வர இன்னொரு கட்டுரை வேண்டும்.

இந்தக் கேள்வி உங்கள் இருவருக்கும் சம்மதம் என்றால் முதல் வாக்கியத்தை அப்படியே முன்னுரையின் இரண்டாம் பத்தியிலும் வைத்துவிடுகிறேன். சம்மதமில்லை என்றால், நீங்கள் மனத்தில் வைத்திருந்த கேள்வியை ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள், சுருக்கத்தை மாற்றி எழுதித் தருகிறேன். கருத்தரங்கத்தார் கேட்டது 250 சொல்லுக்குள். கடைசி நாள் திங்கட்கிழமை மாலை. ஞாயிறு இரவுக்குள் பதில் வந்தால் அட்டவணை எண்களை மறுபடி ஒருமுறை சரிபார்க்க எனக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
தம்பி