பில்லில் கூடுதலாகப் போட்ட ரூ.8,820: வருத்தமும் கிரெடிட் நோட்டும் திருத்திய கணக்கும்

திருப்பூர்
02.12.2025

அன்புள்ள பழனிசாமி அண்ணனுக்கு,

வணக்கம். நவம்பரில் உங்களுக்குப் போட்ட இரண்டு நூல் பில்களில் கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதலாகப் போட்டிருக்கிறோம். தவறு முழுக்க எங்களுடையது. உங்கள் அக்கவுண்டன்ட் சொன்னது சரி. அதற்கு முன் செப்டம்பர் பில் ஒன்றிலும் ஒரு தவறு இருந்தது நேற்று தெரிந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை, நாங்களே சொல்ல வேண்டியது. மூன்றும் சேர்த்து ரூ.8,820-க்கு இன்றைய தேதியில் கிரெடிட் நோட் போட்டாகிவிட்டது. திருத்திய கணக்கும் கீழே இருக்கிறது.

பணத்தை விட என்னை உறுத்துவது நவம்பர் 27-ஆம் தேதி நடந்த விஷயம். உங்கள் அக்கவுண்டன்ட் தம்பி போன் போட்டு, "புக்கிங் ரேட் 262-ங்க, பில்லில் 268 இருக்குங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் பில்லிங்கில் இருந்தவர், "சிஸ்டத்துல 268-தான் காட்டுதுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். புக்கிங் நோட்டை எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், மறுநாளே ரூ.3,37,680 பாக்கி என்று ஸ்டேட்மெண்டும் அனுப்பிவிட்டோம். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பாக்கியைக் கேட்டது போல ஆகிவிட்டது. உங்களிடமும் அந்தத் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் போனில் பேசினேன், இருந்தாலும் எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அக்டோபர் 28 அன்று நீங்களே பேசி, 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 40 மூட்டை புக் செய்தீர்கள். என் நோட்டில் பென்சிலில் அன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கிறது: "40 மூட்டை, 30 கோம்டு, 262, மூணு நடை, முழுசும் இதே ரேட்." "முழுசும் இதே ரேட்" என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பிலும் உங்களுக்கு உறுதி செய்து அனுப்பினேன். முதல் நடை, 16 மூட்டை, அக்டோபர் 30 அன்று 262-லேயே சரியாகப் போயிற்று. நவம்பர் 1-ஆம் தேதி புது மாத ரேட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பில் போடும்போது அது தானாக நடப்பு ரேட்டை எடுத்துக்கொள்ளும். பழைய புக்கிங்கில் மிச்சம் இருக்கிற சரக்குக்கு நாம்தான் ரேட்டைக் கையால் மாற்ற வேண்டும். 6-ஆம் தேதி போன 12 மூட்டைக்கும், 14-ஆம் தேதி போன 12 மூட்டைக்கும் யாரும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ரேட்டைப் பேசியது நான், பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான். நோட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதது என் தவறு.

நூல் ரேட் உறுதியானால்தான் நீங்கள் உங்கள் பார்ட்டிக்குத் துணி ரேட் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். 262 என்று நம்பி நீங்கள் துணி ரேட் கொடுத்த பிறகு நாங்கள் 268 வாங்கினால், அந்த ஆறு ரூபாய் உங்கள் லாபத்தில் இருந்துதான் போகும். மாதம் பிறந்தால் ரேட் மாறும் தொழிலில், புக்கிங்கில் சொன்ன சொல்தான் எல்லாமே. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்புறம் அந்த செப்டம்பர் பில். ஒரு தவறு தெரிந்ததும், இந்த நிதியாண்டில் உங்களுக்குப் போட்ட எல்லா பில்களையும் நேற்று உட்கார்ந்து டெலிவரி சலானோடு ஒத்துப் பார்த்தேன். 16.09.2025 தேதியிட்ட 418-ஆம் பில்லில் வண்டி வாடகை ரூ.1,200 என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் குடோன் கேட் ரிஜிஸ்டரில் அன்றைக்கு உங்கள் சொந்த டாடா ஏஸ் வண்டி நம்பரும், காலை 10.40 என்ற நேரமும், உங்கள் டிரைவர் கையெழுத்தும் இருக்கின்றன. சரக்கை நீங்களே எடுத்துப் போயிருக்கிறீர்கள், வாடகை மட்டும் நாங்கள் வாங்கியிருக்கிறோம். அந்தப் பில்லுக்கு நீங்கள் முழுப் பணமும் கட்டிவிட்டீர்கள். வாடகைக்கும் 5 சதவீத வரி சேர்ந்ததால் உங்களுக்கு வர வேண்டியது ரூ.1,260.

கிரெடிட் நோட் விவரம்

எண் 27, தேதி 02.12.2025. மூன்று பில்களுக்கும் சேர்த்து ஒரே கிரெடிட் நோட். சரக்கு பருத்தி நூல், எச்.எஸ்.என். 5205. சரக்கு எதுவும் திரும்பி வரவில்லை, விலை வித்தியாசம் மட்டும்தான்.

| பில் எண், தேதி | காரணம் | வரிக்கு முன் (ரூ.) | சி.ஜி.எஸ்.டி. 2.5% | எஸ்.ஜி.எஸ்.டி. 2.5% | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|---|
| 418, 16.09.2025 | போடக் கூடாத வண்டி வாடகை | 1,200 | 30 | 30 | 1,260 |
| 583, 06.11.2025 | 600 கிலோ, கிலோவுக்கு ரூ.6 கூடுதல் | 3,600 | 90 | 90 | 3,780 |
| 602, 14.11.2025 | 600 கிலோ, கிலோவுக்கு ரூ.6 கூடுதல் | 3,600 | 90 | 90 | 3,780 |
| மொத்தம் | | 8,400 | 210 | 210 | 8,820 |

ரூபாய் எட்டாயிரத்து எண்ணூற்று இருபது மட்டும்.

583, 602 இரண்டும் நாங்கள் போட்டபடி தலா ரூ.1,68,840. சரியான ரேட்டில் 600 கிலோவுக்கு 262 வீதம் ரூ.1,57,200, வரி ரூ.7,860, ஆக தலா ரூ.1,65,060 வர வேண்டும். பழைய பில்களை ரத்து செய்யவில்லை, அவை அப்படியே இருக்கும். கிரெடிட் நோட்தான் வித்தியாசத்தைக் கழிக்கும். அதனால் உங்கள் கணக்கில் பழைய பில் எண்களை மாற்ற வேண்டாம்.

திருத்திய கணக்கு, 01.09.2025 முதல் 02.12.2025 வரை

| தேதி | விவரம் | பற்று (ரூ.) | வரவு (ரூ.) | பாக்கி (ரூ.) |
|---|---|---|---|---|
| 01.09.2025 | தொடக்க பாக்கி | | | 64,200 |
| 16.09.2025 | பில் 418, 500 கிலோ | 1,37,760 | | 2,01,960 |
| 29.09.2025 | உங்கள் நெஃப்ட் | | 64,200 | 1,37,760 |
| 18.10.2025 | உங்கள் நெஃப்ட், பில் 418-க்கு | | 1,37,760 | 0 |
| 30.10.2025 | பில் 561, 800 கிலோ | 2,20,080 | | 2,20,080 |
| 06.11.2025 | பில் 583, 600 கிலோ | 1,68,840 | | 3,88,920 |
| 14.11.2025 | பில் 602, 600 கிலோ | 1,68,840 | | 5,57,760 |
| 24.11.2025 | உங்கள் ஆர்.டி.ஜி.எஸ்., பில் 561-க்கு | | 2,20,080 | 3,37,680 |
| 02.12.2025 | கிரெடிட் நோட் 27 | | 8,820 | 3,28,860 |

இன்றைய தேதியில் நீங்கள் தர வேண்டியது ரூ.3,28,860. இரண்டு நவம்பர் பில்களின் சரியான தொகை ரூ.3,30,120, அதில் செப்டம்பர் வாடகை ரூ.1,260 கழித்தால் இதே தொகை வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். நவம்பர் 28 அன்று அனுப்பிய ஸ்டேட்மெண்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள். இனிமேல் இதுதான் கணக்கு. வாடகைப் பணத்தைக் கழிப்பதற்குப் பதிலாகத் தனியாகத் திருப்பி அனுப்பினால் உங்கள் கணக்குக்கு வசதி என்றால் சொல்லுங்கள், அன்றைக்கே வங்கியில் போட்டுவிடுகிறேன். அப்படியானால் பாக்கி ரூ.3,30,120 என்று நிற்கும்.

கெடு பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான 30 நாள் கணக்கில் 583 டிசம்பர் 6-லும், 602 டிசம்பர் 14-லும் முடிகின்றன. ரேட் சரியாகட்டும் என்று நீங்கள் பேமெண்டை நிறுத்தி வைத்திருந்தால் அது நியாயம்தான். தாமதம் எங்களால் வந்தது. ஆகவே இரண்டு பில்லுக்கும் டிசம்பர் 20 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எங்கள் ஆபீஸில் இருந்து யாரும் பாக்கி கேட்டு போன் செய்ய மாட்டார்கள்.

உங்கள் அக்கவுண்டன்டுக்காக வரி விஷயம். கிரெடிட் நோட்டில் ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். கோடும் இருக்கின்றன, பி.டி.எஃப். தனியாக மெயிலில் வரும். டிசம்பர் மாத ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் இதைக் காட்டி ஜனவரி 11-க்குள் தாக்கல் செய்துவிடுவோம். ஐ.எம்.எஸ். பக்கத்தில் கிரெடிட் நோட் வந்ததும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தவறுதலாக நிராகரித்துவிட்டால் வரி எங்கள் மேல் திரும்பவும் ஏறிவிடும். மூன்று பில்களுக்கும் ஏற்கெனவே முழு இன்புட் கிரெடிட் எடுத்திருந்தால், அதில் ரூ.420-ஐ நீங்கள் திருப்ப வேண்டி வரும். இதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு அந்தத் தம்பி இதற்காகத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்றில் இருந்து ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு எண் போட்டு, ரேட்டோடு சேர்த்து பில்லிலேயே அச்சடிக்கிறோம். மாதம் மாறும்போது மிச்சம் இருக்கிற புக்கிங்குகளை நானே தனித் தாளில் எழுதி பில்லிங் மேஜையில் ஒட்டி வைக்கிறேன். உங்கள் சரக்குக்கு மட்டும் வண்டி கிளம்பும் முன் பில் நகலை உங்கள் அக்கவுண்டன்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கேட் திறக்கும். அக்டோபரில் புக் செய்த மற்ற பார்ட்டிகளின் பில்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை, 6-ஆம் தேதி காலை 11 மணிக்கு உங்கள் கம்பெனிக்கு வருகிறேன் அண்ணா. புக்கிங் நோட்டு, மூன்று பில்களின் சலான், கேட் ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன். உங்கள் லெட்ஜரோடு வரி வரியாக ஒத்துப் பார்த்துவிடலாம். வேறு எந்தப் பில்லில் சந்தேகம் இருந்தாலும் அதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் தோதுப்படாது என்றால் ஒரு போன் போதும், உங்களுக்கு வசதியான நேரத்தில் வருகிறேன்.

அன்புடன்,
சண்முகம்
உரிமையாளர்

இணைப்பு: கிரெடிட் நோட் எண் 27, பில் 418, 583, 602 நகல்கள், அக்டோபர் 28 புக்கிங் பக்கத்தின் படம், செப்டம்பர் 16 கேட் ரிஜிஸ்டர் பக்கத்தின் படம்