காது மூடும் அளவு

பசார் மாலாமில் கம்பளி என்று சொல்லிக் கொடுத்த நூல் உருண்டையிலிருந்து பாக்கியம் ஒரு விரல் நீளம் அறுத்தாள். சாமி மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசி, நூல் முனையில் காட்டினாள். முனை உருகிச் சுருண்டு கடுகளவு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது.

“பிளாஸ்டிக்கு” என்றாள்.

மருமகள் சரசு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன அத்தை தீயுது?”

“ஆட்டு ரோமமா இருந்தா முடி பொசுங்குற வாடை வரும். சாம்பலா உதிரும். இது உருகுது பாரு. இதைப் போட்டுக்கிட்டா புள்ளைக்கு என்ன சூடு இருக்கப் போவுது?”

“அங்கப் போயி வாங்கிக்கிடுவான் அத்தை. ஜப்பான்ல இல்லாத தொப்பியா?”

பாக்கியம் பதில் சொல்லவில்லை. பேரன் தினேஷ் கோலாலம்பூரில் இரண்டு வருஷம் ஜப்பானிய மொழியும் கணக்கும் படித்துவிட்டு, அரசாங்க உபகாரச் சம்பளத்தில் சப்போரோவுக்குப் போகிறான். மார்ச் கடைசியில் விமானம். அப்போதுகூட அங்கே தெருவோரம் பனி குவிந்து கிடக்குமாம். ஒரு குளிர்காலத்தில் அந்த ஊரில் விழுகிற பனியை எல்லாம் சேர்த்தால் ஐந்து மீட்டர் வரும் என்று அவன் சொன்னதிலிருந்து அவளுக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஐந்து மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, “நம்ம வீட்டுக் கூரை முங்கிடும் பாட்டி” என்றான்.

அன்று ராத்திரி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்கு, இந்த மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தபோது எத்தனையோ சாமான்களைக் கழித்துவிட்டாள். பெட்டியைக் கழிக்கவில்லை. பூச்சி உருண்டை வாடையோடு மேலே வந்தது ஒரு சாம்பல் நிற சுவெட்டர். அதற்குள் சுற்றிவைத்த இரண்டு பின்னல் ஊசிகள்.

பால்மரம் வெட்டப் போவதற்கு முன், பதினாறு பதினேழு வயதில், பாக்கியம் பெரிய துரை பங்களாவில் பிள்ளை பார்த்தாள். மத்தியான வேளையில் துரையம்மா காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சீமைக்கு அனுப்பக் கம்பளி பின்னுவாள். பிள்ளை தூங்கும் நேரத்தில் பாக்கியத்துக்கும் கற்றுக்கொடுத்தாள். ‘நிட் ரெண்டு, பேர்ல் ரெண்டு’ என்று வாய்க்குள் முணுமுணுத்தே பாக்கியம் பழகினாள். ஊருக்குத் திரும்பிப் போகும்போது துரையம்மா கொடுத்தவைதான் இந்த ஊசிகளும் சுவெட்டரும்.

அதை அவள் போட்டுக்கொண்டது ஒரே ஒரு தடவை. கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வாக்கப்பட்ட தங்கச்சிக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது. உடம்புக்குச் சூடாகத்தான் இருந்தது. காது மட்டும் விடிய விடிய வலித்தது. துண்டை எடுத்துக் கட்டியும் அடங்கவில்லை. குளிர் காது வழியாகத்தான் ஆளைப் பிடிக்கும் என்று அவள் அன்றைக்கு முடிவு கட்டியது, இன்றுவரை மாறவில்லை.

காலையில் சுவெட்டரை மடியில் போட்டு, ஓரத்தையல்களைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தாள். தினேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கிழிக்கிறீங்களா பாட்டி?”

“பிரிக்கிறேன். இந்தா, பிடி. கீழேருந்து இழுத்தா வராது. கழுத்துதான் கடைசியில முடிச்சது. அங்கேருந்துதான் பிரியும்.”

முடிச்சை அவிழ்த்ததும் நூல் சரசரவென்று ஓடி வந்தது. அறுபது வருஷமாக மடங்கிக் கிடந்த நூல். வெளியே வந்தும் நெளிவு போகவில்லை. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தாள். பிழியாமல் நிழலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கட்டினாள். மறுநாள் நூல் நீண்டு நேராகியிருந்தது.

பூச்சி அரித்த இடங்களில்தான் சிக்கல். நாலைந்து முழத்துக்கு ஒரு தடவை அறுந்தது. அறுந்த இரண்டு முனைகளையும் பாக்கியம் பிரித்துவிட்டு, வாயில் வைத்து நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். கையை விரித்தபோது அது ஒரே நூலாக இருந்தது. இழுத்துக் காட்டினாள். முடிச்சே இல்லை.

“எச்சிலா பாட்டி?”

“ஆமா. முடிச்சுப் போட்டா நெத்தியில உறுத்தும்.”

தினேஷ் அந்த ஒட்டை விரலால் தடவித் தேடினான். கண்டுபிடிக்க முடியவில்லை.

அவனைத் தரையில் உட்காரவைத்துத் தலையைச் சுற்றி நூலால் அளந்து, 96 கண்ணி போட்டுத் தொடங்கினாள். முப்பது வருஷம் உளி பிடித்துப் பால் வெட்டிய கை. வலது பெருவிரல் அடியில் வலி எடுக்கும். நாலு வரிசை பின்னுவாள், தைலம் தேய்த்துக்கொள்வாள், அப்புறம் மறுபடி எடுப்பாள். விளிம்புக்கு நிட் ரெண்டு, பேர்ல் ரெண்டு. அதற்கு மேலே வெறும் நேர்ப்பின்னல். சாயங்காலம் தொலைக்காட்சிச் சத்தத்தில் எண்ணிக்கை தப்பினால் அந்த வரிசையையே பிரித்துவிடுவாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா பாட்டி?” என்றான் தினேஷ் ஒருநாள். “கோலாலம்பூர்ல ஏற்கெனவே ஒரு தொப்பி வாங்கிட்டேன். உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல.”

“கொண்டா, பாப்போம்.”

அதை வாங்கி உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தாள். இழுத்தாள். தன் தலையிலேயே போட்டுப் பார்த்தாள். “நல்ல சாமான். அதையும் எடுத்துக்க. ஆனா காதுக்குக் கீழ வரல.”

“அப்ப ரெண்டையும் போட்டுக்கிறேன்.”

“இதை உள்ளே போடு. அதை மேலே போடு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினாள்.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, பெட்டியைத் தராசில் வைத்து, சரசு ஊறுகாய்ப் போத்தலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். உச்சியைக் குறுக்கி முடித்து, பின்பக்கம் தைத்து, இரண்டு பக்கமும் காது மடல் இறக்கிய தொப்பியைப் பாக்கியம் கொண்டுவந்தாள்.

“போடு.”

காற்றாடி முழு வேகத்தில் சுற்றியும் ஒரு நிமிஷத்தில் அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. கழற்றவிடவில்லை. மடலுக்குள் விரலை விட்டு, காதுக்குப் பின்னால் எலும்புவரை தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம். அப்புறம் அந்தப் பக்கம்.

“தலையை ஆட்டு. குனி. நிமிரு. சரி, கழட்டு.”

மிச்சமிருந்த நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். “மெஷின்ல போடாத. சுடுதண்ணி காட்டாத, சுருங்கிடும். பச்சைத்தண்ணியில அலசி, துண்டுல வச்சு ஒத்தியெடு. எங்கயாவது அறுந்தா இதுல ஒட்டிக்க.”

“எனக்கு வராது பாட்டி.”

“ஏன் வராது? உக்காரு.”

உருண்டையிலிருந்து ஒரு முழம் இழுத்து நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் அவனிடம் நீட்டினாள். தினேஷ் அம்மாவைப் பார்த்தான். சரசு ஊறுகாய்ப் போத்தலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். முனைகளை வாயில் வைத்து நனைத்து, கைக்குள் வைத்துத் தேய்த்தான். பாக்கியம் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். கழன்று வந்துவிட்டது.

“நனைஞ்சது பத்தல. முனையை இன்னும் பிரி. கை சுடணும், அதுவரைக்கும் தேய்” என்றாள். “ம், இன்னொரு தடவ.”