வெப்பம் பரவும் மூன்று முறைகள்

வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து வெப்பநிலை குறைந்த பொருளை நோக்கியே வெப்பம் தானாகப் பாய்கிறது. இரண்டின் வெப்பநிலையும் சமமாகும்போது நிகரப் பாய்வு நின்றுவிடுகிறது. குளிர் என்று தனியாக எதுவும் பாய்வதில்லை. பனிக்கட்டியைப் பிடித்த கை சில்லிடுவதற்குக் காரணம், கையிலுள்ள வெப்பம் பனிக்கட்டிக்குச் செல்வதே. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன அனைத்தும் எளிதில் விளங்கும். வெப்பம் பரவும் முறைகள் மூன்று: வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீச்சு.

ஓர் இரும்புக் கம்பியில் சம இடைவெளிகளில் மெழுகைக் கொண்டு சில குண்டூசிகளை ஒட்டி, கம்பியின் ஒரு முனையை மட்டும் சுடரில் காட்டுவோம். சுடருக்கு அருகிலுள்ள ஊசி முதலில் விழும். பிறகு அடுத்தது, அதன்பின் அதற்கடுத்தது என ஊசிகள் வரிசையாக விழும். சூடான முனையிலுள்ள துகள்கள் தம் இடத்திலேயே முன்பைவிட வேகமாக அதிர்ந்து, அந்த ஆற்றலை அண்டைத் துகள்களுக்குக் கொடுக்கின்றன. அவை தமக்கு அடுத்தவற்றுக்குக் கொடுக்கின்றன. துகள்கள் இடம்பெயராமல் ஆற்றல் மட்டும் இவ்வாறு கைமாறிச் செல்வதே வெப்பக் கடத்தல். உலோகங்களில் எந்த அணுவுடனும் கட்டுண்டிராத எலக்ட்ரான்கள் நிறைய உள்ளன. அவை பொருள் முழுவதும் விரைந்து திரிந்து ஆற்றலை எடுத்துச் செல்வதால்தான் உலோகங்கள் மற்றப் பொருள்களைவிட மிகச் சிறந்த கடத்திகளாக இருக்கின்றன.

இந்தத் திறனை வெப்பக் கடத்துதிறன் என்னும் எண்ணால் அளக்கிறோம். வாட்/மீட்டர் கெல்வின் அலகில், தாமிரத்துக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 400, இரும்புக்கு 80, நீருக்கு 0.6, அசையாத காற்றுக்கு 0.026. அதாவது, தாமிரத்தின் கடத்துதிறன் காற்றைப்போல் ஏறக்குறைய 15,000 மடங்கு. ஒரே அறையில் நெடுநேரம் கிடந்த இரும்புத் தகடும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், தொடும்போது இரும்பு மட்டும் அதிகம் குளிர்வதுபோல் தோன்றுவது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: இரும்பு கையின் வெப்பத்தை விரைவாகக் கடத்திச் செல்கிறது, மரம் அவ்வாறு செய்வதில்லை. நம் தோல் உணர்வது வெப்பநிலையை மட்டுமன்று, வெப்பம் வெளியேறும் வேகத்தையும்தான்.

A பரப்பும் L தடிமனும் கொண்ட ஒரு தட்டின் இரு பக்கங்களும் T₁, T₂ என்ற மாறாத வெப்பநிலைகளில் இருந்தால், t நேரத்தில் அதன் வழியே செல்லும் வெப்பம் Q பின்வரும் சமன்பாட்டால் கிடைக்கும். இதில் k என்பது கடத்துதிறன்.

Q/t = kA(T₁ − T₂)/L

நீரின் கடத்துதிறன் எவ்வளவு குறைவு என்பதை ஒரு சோதனை அழகாகக் காட்டுகிறது. சோதனைக் குழாயின் அடியில் ஒரு பனிக்கட்டித் துண்டை வைத்து, அது மிதந்து மேலே வராதபடி கம்பி வலையால் அழுத்திவிட்டு, நீரை நிரப்பிக் குழாயின் மேற்பகுதியை மட்டும் சூடேற்ற வேண்டும். மேலே நீர் கொதித்து ஆவி எழும்பிக்கொண்டிருக்க, சில சென்டிமீட்டர் கீழே பனிக்கட்டி உருகாமல் கிடக்கும். அப்படியானால், அடியில் சூடாக்கப்படும் பாத்திரத்தில் நீர் முழுவதும் அத்தனை விரைவில் சூடாவது எப்படி?

அதற்குக் காரணம் வெப்பச்சலனம். கண்ணாடிக் குவளையிலுள்ள நீரின் அடியில் ஓரமாகப் பொட்டாசியம் பர்மாங்கனேட் படிகம் ஒன்றைப் போட்டு, அதற்கு நேர் கீழே மெல்லிய சுடரைக் காட்டினால், ஊதா நிறக் கோடு ஒன்று மேலெழுந்து, நீர்ப்பரப்பில் மறுபக்கம் நோக்கிப் பரவி, எதிர் ஓரத்தில் கீழிறங்கி மீண்டும் சுடரை நோக்கி வருவதைக் கண்ணாலேயே காணலாம். சூடான நீர் விரிவடைவதால் அதன் அடர்த்தி குறைகிறது. சுற்றிலுமுள்ள அடர்த்தி மிகுந்த குளிர்ந்த நீர் கீழிறங்கி அதை மேலே தள்ளுகிறது. இங்கே பொருளே வெப்பத்தைச் சுமந்துகொண்டு நகர்கிறது. சூடான நீர் தானாகவே மேலே போக விரும்புவதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்: ஈர்ப்பு விசை இல்லாத இடத்தில் இந்த இயற்கைச் சலனம் நிகழாது. திண்மங்களின் துகள்கள் இடம்விட்டு நகர இயலாததால் அவற்றிலும் இது நிகழாது.

பகலில் கடலைவிடத் தரை விரைவாகச் சூடாகிறது. தரைக்கு மேலுள்ள காற்று மேலெழ, கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று கரை நோக்கி வீசுகிறது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் திசை மாறுகிறது. கடற்காற்றும் நிலக்காற்றும் இவையே.

மேற்கூறிய இரண்டு முறைகளுக்கும் பொருள் ஊடகம் ஒன்று தேவை. ஆனால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவு பெரும்பாலும் வெற்றிடம். அதைக் கடந்து வெப்பம் வருவது மின்காந்த அலைகளாக, ஒளியின் வேகத்தில். வந்து சேர எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. இதுவே வெப்பக் கதிர்வீச்சு. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பநிலைமானியை வைத்தபோது அது ஏறக் கண்டார். அந்தக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

சூரியனும் நெருப்பும் மட்டுமல்ல, எல்லாப் பொருள்களும் எந்நேரமும் கதிர்வீசுகின்றன. அதே நேரத்தில் சுற்றுப்புறத்திலிருந்து கதிர்களை உட்கவரவும் செய்கின்றன. வீசுவது மிகுந்தால் பொருள் குளிரும். உட்கவர்வது மிகுந்தால் சூடாகும். வீசப்படும் ஆற்றல் கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே வெப்பநிலை இரு மடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்காகிறது. மங்கலான கறுப்புப் பரப்பு கதிர்களை நன்றாக உட்கவரும், நன்றாக வீசவும் செய்யும். பளபளப்பான உலோகப் பரப்பு இரண்டையும் குறைவாகவே செய்யும்.

மூன்று முறைகளையும் ஒன்றாகக் காண ஒரு சன்னல் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1 சதுர மீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டர், கடத்துதிறன் 0.8, இரு பக்கங்களின் வெப்பநிலை வேறுபாடு 10 கெல்வின் எனில், நொடிக்கு 2,000 ஜூல், அதாவது 2,000 வாட் வெப்பம் கடத்தப்படும். இப்போது இரண்டு கண்ணாடிகளை 12 மில்லிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, நடுவே உலர்ந்த காற்றை அடைத்து மூடிவிட்டால், அந்தக் காற்றின் இரு பக்கங்களுக்கும் இடையே அதே 10 கெல்வின் வேறுபாடு இருந்தாலும், கடத்தலால் செல்வது ஏறத்தாழ 22 வாட் மட்டுமே. இடைவெளியை இன்னும் பல மடங்கு அகலமாக்கினால் மேலும் பயன் கிடைக்கும் என்று நினைக்கலாம். ஆனால் அகலம் கூடும்போது உள்ளிருக்கும் காற்று சூடான கண்ணாடியை ஒட்டி மேலேறி, குளிர்ந்த கண்ணாடியை ஒட்டி இறங்கிச் சுழலத் தொடங்குகிறது. கடத்தலைத் தடுக்க வைத்த காற்றே சலனத்தால் வெப்பத்தைச் சுமக்கிறது. அகலத்தைச் சரியாக வைத்தாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. சாதாரணக் கண்ணாடிகளாக இருந்தால், அறை வெப்பநிலையில் அதன் அளவு கடத்தலின் 22 வாட்டையும் மிஞ்சும். அதனால்தான் இத்தகைய சன்னல்களில் கண்ணாடியின் உட்பக்கத்தில், ஒளியைத் தடுக்காத அளவுக்கு மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள்.