முதலில் நேரம், அப்புறம் பெயர்: ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் முன்பதிவுப் படிவம்

என் பங்கு: பயனர் ஆய்வு, இடைமுக வடிவமைப்பு, படிவத்தின் வாசகங்கள். கோடிங் செய்தது கிளினிக்கின் டெவலப்பர். வேலை நடந்தது 5 வாரம், அளந்து பார்த்தது அதற்குப் பிறகு 8 வாரம். கிளினிக் கேட்டுக்கொண்டதால் அதன் பெயர் இங்கே இல்லை.

சிக்கல்

"எங்க சைட் ரொம்பப் பழசா இருக்கு, கலர் மாத்திக் கொடுங்க" என்றுதான் என்னிடம் வந்தார்கள். சரி, மாற்றலாம், ஆனால் எதற்காக என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: ஆன்லைன் முன்பதிவு இருந்தும் நோயாளிகள் போன் செய்தே நேரம் வாங்குகிறார்கள், ரிசப்ஷனில் இருப்பவருக்கு மூச்சு விட நேரமில்லை. டெவலப்பரிடம் கடந்த 8 வாரக் கணக்கை எடுக்கச் சொன்னேன். படிவத்தைத் திறந்தவர்கள் 1,240 பேர், முடித்தவர்கள் 384 பேர், அதாவது 31 சதவீதம். இதைக் கலரின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

செய்த விதம்

முதல் நாள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. ரிசப்ஷனில் அரை நாள் உட்கார்ந்து, வந்த போன்களில் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "நாளைக்குச் சாயந்தரம் காலியா?" நம் படிவமோ அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்ட், பிறந்த தேதி என்று 14 கட்டங்களை நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் 5 பேரை அவரவர் போனிலேயே முன்பதிவு செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முடித்தவர் ஒருவர்தான். தோள்பட்டை வலியோடு வந்த ஒரு பெரியவர், பிறந்த வருடத்தைத் தேடி ஒரே விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய், 1980-களைத் தாண்டும் முன்பே போனைக் கீழே வைத்துவிட்டார். இன்னொருவர் ஒரு கட்டத்தில் தப்பாக எழுதியதும் எல்லாக் கட்டங்களும் காலியாகிவிட்டன. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, ஏதோ நான்தான் அழித்துவிட்ட மாதிரி!

இதை வைத்து வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் காலி நேரம், அடுத்து பெயர், போன் நம்பர், கடைசியில் ஓடிபி. பாஸ்வேர்டே கிடையாது. பிறந்த தேதி, பழைய சிகிச்சை விவரமெல்லாம் நேரில் வரும்போது கேட்டால் போதும் என்று பிசியோதெரபிஸ்டுகளே சொன்னார்கள். 14 கட்டங்கள் 3 ஆயின.

என் முதல் வரைவு தோற்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் காலண்டரை அழகாகப் போட்டிருந்தேன், சின்னத் திரையில் 17-ஐத் தொட்டால் 18 விழுந்தது. அதைத் தூக்கிவிட்டு, அடுத்து காலியாக உள்ள 6 நேரங்களைப் பெரிய பட்டன்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். அடுத்த சோதனையில் 5 பேரும் முடித்தார்கள்.

சின்ன வேலைகள் சில: 14 பிக்சல் எழுத்தை 16 ஆக்கினேன், ஏனென்றால் அதற்குக் கீழே இருந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் `#a0a0a0` சாம்பலில் இருந்த குறிப்பெழுத்தின் வண்ண வேறுபாடு 2.6:1 தான், அணுகல்தன்மை விதிப்படி 4.5:1 வேண்டும், அதனால் `#595959`. நம்பர் கீபோர்டு தானாக வரவும், எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபியைப் போனே எடுத்துக் கொடுக்கவும் டெவலப்பரிடம் கொடுத்த குறிப்பு:

```html
<input type="tel" autocomplete="tel">
<input inputmode="numeric" autocomplete="one-time-code">
```

பலன்

புதிய படிவம் வந்த பிறகான 8 வாரத்தில் திறந்தவர்கள் 1,310 பேர், முடித்தவர்கள் 694 பேர். 31 சதவீதம் 53 ஆனது. முடிக்க ஆகும் நேரத்தின் இடைநிலை அளவு 4 நிமிடம் 10 நொடியிலிருந்து 1 நிமிடம் 35 நொடிக்கு இறங்கியது. நேரம் கேட்டு வரும் போன்கள் நாளுக்குச் சராசரியாக 40-லிருந்து 22. இது ரிசப்ஷனில் கையால் குறித்த கணக்கு, முன்பின் இருக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான்காவது வாரத்தில் கிளினிக் எஸ்எம்எஸ் நினைவூட்டல் அனுப்பத் தொடங்கியது, அதில் முன்பதிவு லிங்கும் இருந்தது. அதனால் முழு உயர்வும் என் டிசைனால்தான் என்று சொல்ல மாட்டேன். நினைவூட்டல் வருவதற்கு முந்தைய 3 வாரத்தை மட்டும் தனியே எடுத்தால் 49 சதவீதம்.

கலரை மாற்றவே இல்லை, அவர்களும் திரும்பக் கேட்கவில்லை. நேரத்தை மாற்றவும் ரத்து செய்யவும் உள்ள பக்கம் மட்டும் இன்னும் பழைய பாஸ்வேர்டோடு நிற்கிறது, அடுத்த மாதம் அதில் கை வைக்கிறேன்.