ஆண்டு விழா நடவுப் பாட்டு: நேரம் குறித்த வரிக்கோப்பு

வணக்கம் டீச்சர்,

நீங்கள் அனுப்பிய வரிகளையும் நேரங்களையும் சேர்த்து, பாட்டு ஓடும்போது வரிகளைத் திரையில் காட்டும் எல்ஆர்சி கோப்பாக ஆக்கிவிட்டேன். கீழே இருப்பதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

```
[ti:ஏரி நெறஞ்சதடி]
[length:02:14]
[offset:+300]
[00:12.40]ஏரி நெறஞ்சதடி ஏலேலோ
[00:18.90]ஊரு சிரிச்சதடி ஏலேலோ
[00:25.30]மடையத் தொறந்துவிடு ஏலேலோ
[00:31.80]நடந்து வருது தண்ணி ஏலேலோ
[00:38.50]
[00:52.00]நாத்து முடியெடுத்து நாலுபக்கம் வீசிவிட்டு
[00:58.60]சேத்துல கால்பதிச்சுச் சேர்ந்து நடலாமடி
[01:05.00]கொக்கு வரிசைபோலக் கோணாம நின்னுகிட்டு
[01:11.70]பக்கத்து வரப்புவரை பாடி நடலாமடி
[01:18.20]
[01:31.50]தூரு கட்டி வளரணும்டி தொண்டைக்கதிர் பாக்கணும்டி
[01:38.10]மார்கழிப் பனியினிலே மணிபிடிச்சு நிக்கணும்டி
[01:44.60]தையி பொறக்கையிலே தாளறுத்துக் கட்டணும்டி
[01:51.20]கையில அள்ளிவந்து களத்துமேடு நெறையணும்டி
[01:58.00]ஏரி நெறஞ்சதடி ஏலேலோ
[02:04.40]ஊரு சிரிச்சதடி ஏலேலோ
[02:11.00]
```

உங்கள் பட்டியலில் எல்லாமே வினாடிக் கணக்கு. 91.5 என்றால் அறுபதைக் கழித்து 01:31.50. கொக்கு வரிக்கு மட்டும் 1.05 என்று இருந்தது. அது ஒரு நிமிடம் ஐந்து வினாடியாகத்தான் இருக்க வேண்டும், முன்வரி 58.6, பின்வரி 71.7, நடுவில் வேறெதுவும் பொருந்தாது. சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நேரம் மட்டும் இருந்து வரி இல்லாத மூன்று இடங்கள் விடுபட்டவை அல்ல. முதல் இரண்டில் தவிலும் நாயனமும் மட்டும் வாசிக்கிறார்கள். அங்கே வெற்று வரி வைக்காவிட்டால் முந்தைய வரி திரையிலேயே நிற்கும், பிள்ளைகள் அதையே மறுபடி பாட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் இருப்பது பாட்டு முடிந்ததும் திரையைத் துடைக்க.

பல்லவி திரும்ப வரும்போது ஒரே வரிக்கு இரண்டு நேரத்தையும் சேர்த்து எழுதலாம்தான். சில பிளேயர்கள் அதைச் சரியாகப் படிப்பதில்லை என்பதால் மறுபடியும் தனியாகவே எழுதியிருக்கிறேன். இரண்டு வரி கூடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

`offset` வரி ஒவ்வொரு வரியையும் 300 மில்லிவினாடி முன்னால் காட்டச் சொல்கிறது. வாய் திறப்பதற்கு முன் கண் படிக்க வேண்டுமே! உங்கள் பிளேயர் அதைக் கண்டுகொள்ளாவிட்டாலும் கெடுதல் இல்லை, பாட்டும் வரியும் ஒன்றாக வரும். பிளேயர் குறியைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு வரி தாமதமாக வந்தால் மட்டும் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பாட்டு `eri.mp3` என்றால் இதை `eri.lrc` என்ற பெயரில் அதே ஃபோல்டரில் வையுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் `UTF-8` இருக்கட்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.