தொண்ணூற்றி ஒண்ணு

கடைசி சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, முடிந்து வண்டி டிப்போவுக்குள் திரும்பும்போது மணி பத்தே கால். டிரைவர் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு பீடி பற்ற வைக்கப் போய்விட்டார். நான் கண்டக்டர் ரூம் பெஞ்சில் தோல் பையைக் கவிழ்த்தேன். பெரம்பூர் - பெசன்ட் நகர் 29சி, நாள் முழுக்க. அது 2017 டிசம்பர். அடுத்த மாதம் கட்டணம் ஏறப்போவது எங்களுக்கெல்லாம் தெரியாது. 3 ரூபாய் டிக்கெட் என்று ஒன்று அப்போது இருந்தது, என்னிடம் மெஷின் கிடையாது, எல்லாம் கட்டு டிக்கெட்தான்.

இந்த வேலையில் ஏறி இறங்குவதோ விசில் ஊதுவதோ பெரிய விஷயமில்லை. ராத்திரி உட்கார்ந்து போடும் கணக்குதான் வேலை. காலையில் ஒவ்வொரு ரேட்டுக்கும் கட்டு எந்த நம்பரில் ஆரம்பிக்கிறது என்று வே பில் என்கிற கணக்குத் தாளில் எழுதிக்கொள்வோம். ராத்திரி கட்டின் மேலே நிற்கும் நம்பரை எழுதிக் கழித்தால் எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்று வந்துவிடும். அதை ரேட்டால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியும். பையும் அதையே சொல்ல வேண்டும். சொல்லாது. அதுதான் பிரச்சினை.

முதலில் பணத்தை எண்ணினேன். ஐந்நூறு, நூறு, ஐம்பது, அப்புறம் வியர்வையில் ஒட்டிக்கொண்ட பத்து ரூபாய்த் தாள்கள். பத்து ரூபாய் காசு மட்டும் ஒரு குவியல். எல்லாரும் அதை என்னிடம் தள்ளுவார்கள், நான் திருப்பிக் கொடுத்தால் "இது செல்லாதுப்பா" என்பார்கள். மொத்தம் 5,768. காலையில் சொந்தப் பணம் 100 என்று எழுதிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன், அதைக் கழித்தால் 5,668.

அப்புறம் டிக்கெட். 3 ரூபாயில் 118, 4 ரூபாயில் 96, 5 ரூபாயில் 241. அந்த ஐந்து ரூபாய்க் கட்டுதான் எப்போதும் கைக்குள்ளேயே தேய்ந்து மெலியும். 6 ரூபாய் 133, 7 ரூபாய் 252, 9 ரூபாய் 92, 11 ரூபாய் 64, 12 ரூபாய் 20. பெருக்கிக் கூட்டினால் 6,277.

609 ரூபாய் ஷார்ட்.

வயிற்றில் ஏதோ உருண்டது. மறுபடி எண்ணினேன், அதே 5,668. பையின் உள் அறையைத் திருப்பிப் போட்டேன், ஒரு ரப்பர் பேண்டும் பாதி ஹால்ஸும் விழுந்தன. 609ஐ 7ஆல் வகுத்துப் பார்த்தால் சரியாக 87 வருகிறது. சரி, 87 ஏழு ரூபாய் டிக்கெட் எங்கேயோ உருவி விழுந்துவிட்டது, ஃபுட்போர்டில் தொங்கின பசங்களில் எவனோ கிழித்துக்கொண்டு போய்விட்டான் என்று அரை மணி நேரம் அந்தப் பசங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு சரியாக வகுபட்டால் மனசு எதை வேண்டுமானாலும் நம்பும்.

"இன்னும் முடியலையாப்பா?" கேஷ் கவுன்ட்டரிலிருந்து சத்தம்.

"ரெண்டு நிமிஷம் சார்."

"உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும். பதினொண்ணுக்கு மூடிடுவேன்."

609 என்றால் என் கைக்காசில் இருந்துதான் போகும். மாசக் கடைசி. வீட்டில் கேஸ் தீர்ந்து இரண்டு நாள் ஆகிறது, பக்கத்து வீட்டு அடுப்பில்தான் சோறு.

டிரைவர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். வே பில்லைத் தொடவில்லை, நேராக ஏழு ரூபாய்க் கட்டைக் கையில் எடுத்தார். "மேல என்ன நம்பர் இருக்கு, படி."

"43272."

"நீ என்னத்த எழுதியிருக்க?"

43372 என்று எழுதியிருந்தேன். காலையில் ஆரம்பித்தது 43120. போனது 152தான், 252 இல்லை. அடையாறு தாண்டி விளக்கில்லாத இடத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதியது. ஒரு இரண்டு மூன்றாகிவிட்டது, அவ்வளவுதான். நூறு டிக்கெட், எழுநூறு ரூபாய். ஃபுட்போர்டு பசங்களிடம் மானசீகமாக மன்னிப்பு கேட்டுக்கொண்டேன்.

"கட்ட வேண்டியது 5,577. இப்போ சரியா?" என்று அண்ணன் எழுந்தார்.

சரியில்லை. பையில் 5,668. இப்போது 91 ரூபாய் அதிகம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. பணம் கூட இருந்தால் சந்தோஷம்தானே என்பார்கள். குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்டிவிடலாம், ஒரு கவலையோடு முடிந்தது. கூடினால் வேறு பேச்சு. வழியில் செக்கிங் ஏறி, பையை எண்ணி, டிக்கெட்டை விடப் பணம் அதிகம் என்று எழுதினால், காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு யாரும் ஏறவில்லை, பிழைத்தேன்.

ஆனால் 91 என்பது யோசிக்க வேண்டிய எண்ணே இல்லை. நூறில் ஒன்பது போனால் 91. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் நம்பர் எழுதும் டிரிப் ஷீட்டில் ஒன்பது ரூபாய் வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். காலை இரண்டாவது சிங்கிள், புரசைவாக்கம் ஸ்டேஜில் அந்த வரிசையில் ஒரே ஒரு டிக்கெட்தான் நகர்ந்திருந்தது. அந்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

வேட்டியை மடித்துக் கட்டின ஒரு பெரியவர், கையில் மஞ்சப்பை. "லஸ் ஒண்ணு" என்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அதற்கு முன்னால் ஆறு பேர் நூறு நூறாக நீட்டிவிட்டார்கள், அவர்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் இவர் மேல் இறங்கியது. "காலங்காத்தால நூறு ரூபாயை நீட்டினா நான் எங்கே போறது, சில்லறை வெச்சுக்கிட்டு ஏற மாட்டீங்களா" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். டிக்கெட் பின்னால் 91 என்று எழுதிக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்றேன். சரிப்பா, சரிப்பா என்றார். லஸ் வந்தபோது நான் முன்பக்கம் இருந்தேன். அவர் பின் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை. நான் விசில் ஊதிவிட்டேன்.

"என்னப்பா, மூடட்டுமா?"

எழுந்து போய்க் கட்டினேன். கேஷியர் எண்ணிவிட்டு, "91 எக்ஸஸ்" என்று தனியாக எழுதி ரசீது கிழித்துக் கொடுத்தார். "எப்படி?"

"சில்லறை வாங்காம இறங்கிட்டாங்க சார்."

"கட்டிட்டேல்ல, விடு."

மறுநாளும் அதே டூட்டி, அதே நேரம். காலையில் டைம் கீப்பர் வே பில்லை நீட்டினார். சொந்தப் பணம் என்று இருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, 191? எல்லாரும் நூறு, இருநூறுன்னு எழுதுவான். நீ என்ன ஒத்த ரூபாயில எழுதற?"

"இருக்கட்டும் சார்" என்றேன். சட்டைப் பையில் தொண்ணூற்றி ஒரு ரூபாய் தனியாக மடித்து இருந்தது, ஒரு ஐம்பது, நாலு பத்து, ஒரு ஒரு ரூபாய் காசு. புரசைவாக்கம் வந்ததும் கூட்டத்துக்கு மேல் எட்டி மஞ்சப்பையைத் தேடினேன். மஞ்சப்பை மூன்று இருந்தது. மூன்றும் வேறு ஆட்கள்.

ஆறாவது நாளும் 191 என்றே எழுதினேன். டைம் கீப்பர் கேட்பதை விட்டுவிட்டார்.